மோட்டார் ஷாஃப்டிலிருந்து டிரம் ஷாஃப்ட் வரை: கன்வேயர் டார்க் கணக்கு, கேள்வி பதில்

மாணவர்: 7.5 கிலோவாட், 1450 ஆர்.பி.எம் மோட்டார். கியர்பாக்ஸ் 20-க்கு 1. டிரம் விட்டம் 400 மில்லிமீட்டர். டிரம் ஷாஃப்டில் டார்க் எவ்வளவு வரும்?

பதில்: முதலில் மோட்டார் ஷாஃப்டில் ஆரம்பியுங்கள்.

```
T = 9550 × P / N
```

P கிலோவாட்டில், N ஆர்.பி.எம்-மில் இருந்தால் T நியூட்டன் மீட்டரில் வரும். 9550 என்பது 60,000-ஐ 2π-யால் வகுத்தால் கிடைக்கும் எண். நிமிடத்தை வினாடியாக்கியது, கிலோவாட்டை வாட்டாக்கியது எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. உங்கள் மோட்டாருக்கு 9550 × 7.5 / 1450 = 49.4 நியூட்டன் மீட்டர்.

கியர்பாக்ஸைத் தாண்டும்போது வேகம் 20-ல் ஒரு பங்காகி 72.5 ஆர்.பி.எம் ஆகிறது. டார்க் 20 மடங்காக வேண்டும், ஆனால் கியர்பாக்ஸ் கொஞ்சம் தின்றுவிடும். ஹெலிக்கல் கியருக்கு 0.94 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 49.4 × 20 × 0.94, சுமார் 929 நியூட்டன் மீட்டர். வார்ம் கியராக இருந்தால் இந்த 0.94-ஐத் தொடாதீர்கள். அதன் இழப்பு இன்னும் அதிகம், தயாரிப்பாளர் தரும் அட்டவணையைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

விடை சரியா என்று வேறு வழியிலும் பாருங்கள். 929-ஐ டிரம்மின் ஆரமான 0.2 மீட்டரால் வகுத்தால் பெல்ட்டை இழுக்கும் விசை 4645 நியூட்டன். பெல்ட் வேகம் வினாடிக்கு 1.52 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் சுமார் 7.05 கிலோவாட். 7.5-ஐ 0.94-ஆல் பெருக்கினாலும் அதே 7.05. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டிருப்பீர்கள்; பெரும்பாலான தவறு அங்கேதான். டிரம்மின் மேல் ரப்பர் லேகிங் இருந்தால் அதன் தடிமனையும் ஆரத்தில் சேருங்கள்.

பராமரிப்புப் பிரிவிலிருந்து: எங்க மோட்டார் 10 ஹெச்.பி. 9550 × 10 / 1450 போட்டா 65.9 வருது. உங்களுக்கு மட்டும் 49 எப்படி?

பதில்: 9550 கிலோவாட்டுக்கான எண். 10 ஹெச்.பி-யை 0.746-ஆல் பெருக்கி 7.46 ஆக்கிவிட்டுப் போடுங்கள், 49.1 வரும்.

இன்னொருவர்: நேம்பிளேட்டில் எஃபிஷியன்சி 88 சதவீதம் என்று இருக்கிறது. 7.5 × 0.88 = 6.6 என்று எடுத்துத்தானே கணக்கைத் தொடங்க வேண்டும்? எல்லோரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

பதில்: விடவில்லை, அந்த இழப்பு முன்பே கழிக்கப்பட்டுவிட்டது. நேம்பிளேட்டில் உள்ள 7.5 கிலோவாட் ஷாஃப்டில் கிடைக்கும் பவர். மின் இணைப்பிலிருந்து மோட்டார் எடுப்பது சுமார் 8.5. ஆனால் பவர் மீட்டரில் ஓடும்போது அளந்த கிலோவாட்டிலிருந்து கணக்கைத் தொடங்கினால் நீங்கள் சொல்வது சரி, அப்போது எஃபிஷியன்சியால் பெருக்கியே ஆக வேண்டும். எண் எங்கே அளந்தது என்று பார்த்துவிட்டுப் பெருக்குங்கள்.

கேள்வி: வி.எஃப்.டி வைத்து 25 ஹெர்ட்ஸில் ஓட்டுகிறோம், 725 ஆர்.பி.எம். ஃபார்முலாவில் 98.8 வருகிறது. வேகம் பாதியானால் டார்க் இரட்டிப்பாகுமா?

பதில்: ஆகாது. 25 ஹெர்ட்ஸில் மோட்டார் தரக்கூடிய பவரும் ஏறக்குறைய பாதியாகிவிடும். 3.75-ஐ 725-ஓடு போட்டால் அதே 49.4. வேகம் குறைந்து டார்க் கூடுவது கியர்பாக்ஸில் மட்டும்தான். மெதுவாக ஓடும்போது மோட்டாரின் சொந்த விசிறியும் மெதுவாகச் சுற்றும். முழு லோடில் நெடுநேரம் அப்படி ஓட்டினால் சுருள் சூடேறும்.

ஆலையிலிருந்து: டிரம் ஷாஃப்ட் 60 மி.மீ, கீ 18 × 11, நீளம் 80. உங்கள் 929-க்குக் கணக்குப் போட்டால் தாராளம். ஆனாலும் கீ இரண்டு முறை நசுங்கி கீவே அகலமாகிவிட்டது. ஏன்?

பதில்: உங்கள் கீ பார்ப்பது 929-ஐ மட்டும் அல்ல. அது நேம்பிளேட் லோடில் சீராக ஓடும்போது வரும் டார்க். நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும்போது இப்படிப்பட்ட மோட்டார் இரண்டு மடங்குக்கு மேல் தரும். பெல்ட் சிக்கினால் நிற்பதற்கு முன் 2.5 மடங்கையும் தொடலாம்.

கீயின் பக்கத்தில் அழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள். 929-ஐ ஷாஃப்ட் ஆரம் 0.03-ஆல் வகுத்தால் 31 கிலோநியூட்டன். கீயின் பாதி உயரம் 5.5, நீளம் 80, பரப்பு 440 சதுர மி.மீ. அழுத்தம் 70 மெகாபாஸ்கல். இது தாராளம்தான். 2.5 மடங்கானால் 176. சிக்கும்போது வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ரோட்டர் தன் வேகத்தையும் சேர்த்து மோதும், அது இதற்கும் மேல். கீ ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்தால் ஸ்டார்ட் அடிதான் காரணம். இரண்டு பக்கமும் தேய்ந்தால் ஃபிட் தளர்ந்து முன்னும் பின்னும் ஆடுகிறது. புது கீ போட்டுப் பயனில்லை, கீவேயையும் சரிசெய்யுங்கள்.

மின்பணியாளர்: இதுக்குத்தான் ஸ்டார்-டெல்டா. ஸ்டாரில் டார்க் மூன்றில் ஒன்றாகிவிடும், ஷாஃப்டுக்கு அடியே இல்லை.

பதில்: முதல் பாதி சரி. நேரடியாக 2.2 மடங்கு தரும் மோட்டார் ஸ்டாரில் 0.73 மடங்குதான் தரும். சரக்கோடு நின்ற பெல்ட்டைக் கிளப்ப ஓடும்போது தேவைப்படுவதைவிடக் கூடுதல் டார்க் வேண்டும். லோடு முழுதாக இருந்தால் மோட்டார் நகராமல் உறுமும், பிறகு டெல்டாவுக்கு மாறும் நொடியில் முழு அடியும் ஷாஃப்டில் விழும்.

மின்பணியாளர்: எங்க பெல்ட் முழுச் சரக்கோட நின்னாலும் கிளம்புதே! ஆறு வருஷமா ஓடுது.

பதில்: அப்படியென்றால் உங்கள் மோட்டார் லோடுக்குப் பெரியது. சரக்கு ஓடும்போது டகோமீட்டரால் மோட்டார் வேகத்தை அளந்து சொல்லுங்கள்.

மின்பணியாளர்: 1480.

பதில்: நேம்பிளேட் 1450-தானே? லோடே இல்லாதபோது இந்த மோட்டார் ஏறக்குறைய 1500-ல் சுற்றும்; அதிலிருந்து முழு லோடில் 50 குறைய வேண்டியது, உங்களுக்கு 20 மட்டும் குறைகிறது. லோடு ஏறக்குறைய 40 சதவீதம், மோட்டார் ஷாஃப்டில் சுமார் 20 நியூட்டன் மீட்டர். 0.73 மடங்கு என்பது 36, அதனால் கிளம்புகிறது. வோல்டேஜ் கூடக்குறைய இருந்தாலோ மோட்டார் குளிர்ந்திருந்தாலோ இந்த 40 மாறும். நேம்பிளேட் வேகமும் துல்லியமான எண் அல்ல. ஆனால் பாதி லோடா முழு லோடா என்று கண்டுபிடிக்க இது போதும்.

மாணவர்: அப்படியானால் டிரம் ஷாஃப்ட் டிசைனுக்கு அந்த 40 சதவீதத்தையே எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். சிக்கும்போது மோட்டார் தன்னால் முடிந்ததையெல்லாம் தரும், லோடைப் பார்க்காது. நேம்பிளேட் டார்க்கோடு ஒரு காரணியைப் பெருக்குங்கள்.

ஆலையிலிருந்து: காரணி 1.5 போதும், சாஃப்ட் ஸ்டார்ட்டர் இருக்கிறது.

பதில்: கிளம்புவதற்கு 1.5 சரி. சிக்கினால் சாஃப்ட் ஸ்டார்ட்டர் உடனே காப்பாற்றாது, டார்க் லிமிட்டர் கப்ளிங்தான் காப்பாற்றும். அது இல்லாத இடத்தில் நான் 2-க்குக் கீழே போக மாட்டேன்.

ஆலையிலிருந்து: 2 போட்டால் ஷாஃப்டோடு பேரிங்கும் பெரிதாகிவிடுகிறது. எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

பதில்: ஷாஃப்ட் விட்டம் டார்க்கின் கனமூலத்தோடுதான் கூடும். 1.5-லிருந்து 2-க்குப் போனால் முறுக்குக்காக விட்டம் சுமார் 10 சதவீதம் கூடும். பெல்ட் இழுப்பால் வரும் வளைவையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள், அதுவே உங்கள் விட்டத்தை முடிவுசெய்யக்கூடும்.

கேள்வி: இந்த மோட்டாருக்கு கேபிள் எத்தனை ஸ்கொயர் எம்.எம்?

பதில்: அது கரண்ட் கணக்கு, மின்பணியாளரைக் கேளுங்கள்.

கேள்வி: 15 ஹெச்.பி, 960 ஆர்.பி.எம். 9550 × 15 / 960 = 149 சரியா?

பதில்: மேலே 10 ஹெச்.பி-க்குச் சொன்னதைப் படியுங்கள். 111.