எந்த வினை காலம் மாறியது?

“7ஆம் வகுப்பு படிக்கிற என் பையன், ஏற்காடு போய் வந்ததைப் பற்றி எழுதிய பத்தியில் ஆசிரியர் ‘காலப்பிழை’ என்று ஓரத்தில் எழுதி 2 மதிப்பெண் குறைத்துவிட்டார். எந்த வார்த்தை என்று சொல்லவில்லை. டியூஷன் சார் எல்லா வினையையும் ‘போனோம், வந்தோம்’ மாதிரி மாற்றச் சொன்னார். மாற்றினால் படிக்கவே ஒரு மாதிரி இருக்கிறது. பத்தியை அனுப்பியிருக்கிறேன். எதை மாற்றுவது?” – ஒரு அம்மா, அம்மாபேட்டை, சேலம்

பையன் எழுதியது இது:

“போன சனிக்கிழமை நாங்கள் ஏற்காட்டுக்குப் போனோம். அஸ்தம்பட்டியில் பஸ் ஏறினோம். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஐந்தாவது வளைவிலேயே தம்பிக்குத் தலை சுற்றியது. அப்பா அவனுக்கு எலுமிச்சம்பழம் கொடுக்கிறார். ஏரிக்குப் போய், படகில் ஏறி அரை மணி நேரம் சுற்றினோம். எங்கள் தாத்தா சின்ன வயதில் இங்கே காப்பித் தோட்டத்துக்கு நடந்தே போவார்.”

ஒரு பேனாவை எடுத்து, வாக்கியத்தை முடிக்கிற வினைக்கு மட்டும் அடிக்கோடு போடச் சொல்லுங்கள். ‘போய்’, ‘ஏறி’ இரண்டையும் விட்டுவிடலாம். அவை எச்சங்கள், பார்க்க இறந்தகாலம் போல இருந்தாலும், தங்கள் காலத்தை முடிக்கிற வினையிடமிருந்துதான் வாங்கிக்கொள்கின்றன. ‘நேற்றுப் போய் வந்தேன்’, ‘நாளை போய் வருவேன்’, இரண்டிலும் அதே ‘போய்’தானே.

இப்போது அடிக்கோடு போட்டதை மட்டும் மேலிருந்து கீழாக வாய்விட்டுப் படிக்கட்டும்: போனோம், ஏறினோம், இருக்கின்றன, சுற்றியது, கொடுக்கிறார், சுற்றினோம், போவார். மூன்று இடத்தில் காது தட்டும். தட்டியதெல்லாம் தப்பு என்று நினைப்பதுதான் உங்கள் டியூஷன் சார் செய்த வேலை.

‘இருக்கின்றன’ என்பதைத் தொடாதீர்கள். வளைவுகள் இன்றைக்கும் அங்கேதான் இருக்கின்றன. ‘20 வளைவுகள் இருந்தன’ என்று எழுதினால், இப்போது ரோட்டை நேராக்கிவிட்டார்களோ என்று கேட்கத் தோன்றும்.

‘கொடுக்கிறார்’தான் குற்றவாளி. சனிக்கிழமையே நடந்து முடிந்த வேலை அது. அதற்கு முன்னால் தலை சுற்றியது, பின்னால் படகு சுற்றியது, இரண்டும் இறந்தகாலம். நடுவில் இது மட்டும் நிகழ்காலத்துக்குத் தாவ ஒரு காரணமும் இல்லை. ‘கொடுத்தார்’ என்று எழுதினால் போதும்.

‘போவார்’ என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வடிவம் எதிர்காலம், சொல்வதோ பழைய வழக்கம். தாத்தா ஒருநாள் போனதை அல்ல, நாள்தோறும் போனதை அது சொல்கிறது. ‘நடந்தே போனார்’ என்று மாற்றினால், ஏதோ ஒரே ஒரு நாள் பஸ்ஸைத் தவறவிட்டு நடந்தார் என்று ஆகிவிடும். சந்தேகம் வந்தால் ‘நடந்தே போவது வழக்கம்’ என்று வைத்துப் பாருங்கள். அர்த்தம் மாறாமல் இருந்தால் ‘போவார்’ சரி. எதிர்மறையிலும் இப்படித்தான்: ‘தாத்தா அப்போதெல்லாம் பஸ்ஸில் ஏற மாட்டார்.’ ஆனால் இதைச் சாக்காக வைத்து, போன சனிக்கிழமைப் படகுச் சவாரியை ‘அரை மணி நேரம் சுற்றுவோம்’ என்று எழுத முடியாது. ஒரு தடவை நடந்ததற்கு வழக்கம் ஏது?

சரி, ‘கொடுக்கிறார்’ எங்கிருந்து வந்தது? பையனிடம் கடையில் வாங்கிய கட்டுரை நோட்டு இருக்கிறதா என்று பாருங்கள். நான் விடைத்தாள் திருத்திய காலத்தில் இது எனக்குத் தலைவலி. அந்த நோட்டுகளில் ‘நாங்கள் சுற்றுலா செல்கிறோம், இயற்கையை ரசிக்கிறோம்’ என்று எல்லாமே நிகழ்காலத்தில் இருக்கும். பிள்ளை தன் கதையை ‘போனோம்’ என்று ஆரம்பித்து, நடுவில் ஞாபகம் வந்த நோட்டு வரியைச் செருகிவிடும். ஒட்டுப்போட்ட இடத்தில் காலம் தாவும். இதே நோட்டை வருஷாவருஷம் அட்டையை மட்டும் மாற்றி விற்கிறார்கள், அதையே வைத்து டியூஷனும் நடத்துகிறார்கள், அதற்கு மாதக் கட்டணம் வேறு. அந்தக் காசுக்குப் பிள்ளையை நாலு தடவை ஏற்காட்டுக்குக் கூட்டிப் போகலாம்.

ஆசிரியரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். மேசையில் கட்டுக்கட்டாக நோட்டு, அதற்கு நடுவில் புள்ளிவிவரம் கேட்டு மேலிடத்துத் தாள்கள். நானும் ஓரத்தில் ஒற்றை வார்த்தை எழுதித் தள்ளியவன்தான். ஆனால் வினையைச் சுழிக்க எவ்வளவு நேரமாகும்? பேனா ஏற்கெனவே கையில்தானே இருக்கிறது.

அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது, ‘கொடுத்தார்’ மட்டும் திருத்திய பத்தியைக் காட்டி, “இது ஒன்றுதானே சார்?” என்று கேளுங்கள். அவர் ‘போவார்’ மேல் விரலை வைத்தால், தாத்தா எத்தனை நாள் நடந்தார் என்று பையனே சொல்லட்டும்.