ஓய்வுபெற்ற பிறகு சந்தை முதலில் விழுந்தால் அடி ஏன் பலமாக இருக்கிறது?

கேள்வி: ஓய்வுபெறும்போது கையில் வரும் 1 கோடியை இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டு, குறித்த தொகைக்கு யூனிட்டை மாதாமாதம் விற்றுத் தரும் எஸ்.டபிள்யூ.பி. மூலம் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். நீண்ட காலச் சராசரி ஒன்றுதான் எனும்போது, சந்தை ஆரம்பத்தில் விழுந்தால் என்ன, பத்து வருடம் கழித்து விழுந்தால் என்ன?

பதில்:

பணத்தை எடுக்காமல் விட்டுவைத்தால் இரண்டும் ஒன்றுதான். மாதாமாதமோ வருடாவருடமோ எடுக்கத் தொடங்கிவிட்டால் சராசரி உங்களைக் காப்பாற்றாது, எந்த வருடம் எப்போது வருகிறது என்பதுதான் தீர்மானிக்கும். இதைத்தான் சீக்வென்ஸ் ரிஸ்க் என்கிறார்கள். நம் ஊர் நிஃப்டி 50 எண்களை வைத்தே பார்த்துவிடலாம்.

2007 கடைசியில் நிஃப்டி 6138. 2017 கடைசியில் 10530. நடுவில் 2008-இல் 52 சதவீதம் விழுந்தது, 2009-இல் 76 சதவீதம் ஏறியது, 2010-இல் 18 ஏற்றம், 2011-இல் 25 இறக்கம், 2012-இல் 28 ஏற்றம். அதன்பின் 2013-இல் 7, 2014-இல் 31 என்று ஏறி, 2015-இல் 4 இறங்கி, 2016-இல் 3, 2017-இல் 29 என்று முடிந்தது. (டிவிடெண்டைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் வருடத்துக்கு ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் கூடும். ஒப்பீட்டின் முடிவு அதனால் மாறாது.) இந்தப் பத்து வருடமும் தொடாமல் இருந்திருந்தால் 1 கோடி ரூபாய் 1.72 கோடி ஆகியிருக்கும். இதே வருடங்களைத் தலைகீழாக, 2017-ஐ முதலிலும் 2008-ஐக் கடைசியிலும் வைத்தாலும் 1.72 கோடிதான். பத்து எண்களை எந்த வரிசையில் பெருக்கினாலும் விடை ஒன்றுதானே.

இப்போது ஒவ்வொரு ஜனவரி தொடக்கத்திலும் 6 லட்சம் எடுப்போம். உண்மையான வரிசையில் வாழ்ந்தவரை முதலாமவர் என்றும், தலைகீழ் வரிசை கிடைத்தவரை இரண்டாமவர் என்றும் வைத்துக்கொள்வோம். இருவரும் பத்து வருடத்தில் எடுத்தது 60 லட்சம். இருவருக்கும் கிடைத்த வருமான விகிதங்களும் அதே பத்துதான். பத்தாம் வருட முடிவில் முதலாமவரிடம் இருப்பது 59.8 லட்சம், இரண்டாமவரிடம் 1 கோடியே 7 லட்சம். இத்தனைக்கும் இரண்டாமவரின் கடைசி வருடம்தான் அந்த 52 சதவீத வீழ்ச்சி. அது முடிந்த பிறகும் அவரிடம் போட்ட முதலைவிட அதிகம் இருக்கிறது.

வித்தியாசம் எங்கே வந்தது என்று யூனிட் கணக்கில் பார்த்தால் தெளிவாகத் தெரியும். இண்டெக்ஸ் எண்ணையே என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டின் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவரின் 1 கோடிக்கு 6138 ரூபாய் வீதம் 1629 யூனிட். 2008 ஜனவரியில் 6 லட்சம் எடுக்க 98 யூனிட் விற்றால் போதும். 2009 ஜனவரியில் என்.ஏ.வி. 2959. அதே 6 லட்சத்துக்கு 203 யூனிட் விற்கவேண்டும். கூடுதலாகப் போன அந்த 105 யூனிட் திரும்ப வராது. 2009-இன் 76 சதவீத ஏற்றத்தில் அவற்றுக்குப் பங்கு கிடையாது, 2014-இலும் 2017-இலும் கிடையாது. 2017 கடைசி விலையில் அந்த 105 யூனிட்டின் மதிப்பு மட்டும் 11 லட்சம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2010 கடைசியில் நிஃப்டி 6134-க்கு வந்துவிட்டது, அதாவது கிட்டத்தட்ட தொடங்கிய இடம். "சந்தை மீண்டுவிட்டது" என்று எல்லோரும் சொன்ன நேரம் அது. முதலாமவர் மூன்று முறை 6 லட்சம் எடுத்திருந்ததால் அவரிடம் 82 லட்சம் இருக்கவேண்டும். இருந்தது 74.4 லட்சம். சந்தை மீண்டது, அவருடைய பணம் மீளவில்லை. அந்த ஏழரை லட்சத்தில் பெரும்பகுதி 2009 ஜனவரி என்ற ஒரே ஒரு முறை விற்றதில் போனது.

கடைசியில் வரும் வீழ்ச்சி ரூபாய்க் கணக்கில் இன்னும் பெரியது என்பதையும் சொல்லவேண்டும். இரண்டாமவரின் கடைசி வருடத்தில் 2.22 கோடி 1.07 கோடியாகிறது. ஒரே வருடத்தில் 1.15 கோடி போகிறது. பார்க்கப் பயங்கரம்தான். ஆனால் அதற்குள் பத்து வருடச் செலவையும் நல்ல விலையில் விற்று எடுத்துவிட்டார், பணம் தாங்கவேண்டிய வருடங்களும் பத்து குறைந்துவிட்டன. எஸ்.ஐ.பி. போட்டுச் சேர்ப்பவருக்கு இது அப்படியே நேர்மாறு: ஆரம்ப வீழ்ச்சியில் மலிவாக வாங்குகிறார், கடைசி வீழ்ச்சி மொத்தச் சேமிப்பையும் அடிக்கிறது. ஆக, ஓய்வுக்கு முந்தைய ஐந்து வருடமும் பிந்தைய ஐந்து வருடமும்தான் மிகவும் ஆபத்தான காலம்.

மேலே எடுத்த தொகையை மாற்றாமல் வைத்திருந்தோம். நடைமுறையில் விலைவாசி ஏறும். வருடத்துக்கு 7 சதவீதம் கூட்டி எடுத்தால் பத்தாவது வருடத்தில் எடுப்பது 11 லட்சம். அப்போது முதலாமவரிடம் மிஞ்சுவது 23.8 லட்சம், அதாவது இன்னும் இரண்டே வருடச் செலவு. இரண்டாமவரிடம் 87 லட்சம், ஏழு வருடத்துக்கு மேல் வரும். 60 வயதில் ஓய்வுபெற்றவர் என்றால் முதலாமவர் 72 வயதில் கையை விரிக்கவேண்டியதுதான்.

அதனால்தான் "ஈக்விட்டி ஃபண்ட் நீண்ட காலத்தில் 12 சதவீதம் தரும், 8 சதவீதம் எடுத்தால் முதல் குறையவே குறையாது" என்று யாராவது கணக்குக் காட்டினால் நம்பாதீர்கள். அந்தக் கணக்கில் ஒவ்வொரு வருடமும் சரியாக 12 வருகிறது. அப்படி ஒரு வருடம்கூட மேலே உள்ள பட்டியலில் இல்லை. அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் 4 சதவீதம் என்ற எண்ணுக்கு வந்ததும் சராசரியை வைத்து அல்ல, எந்த வருடம் ஓய்வுபெற்றவருக்கு வரிசை மிக மோசமாக அமைந்தது என்று தேடித்தான். அது அமெரிக்கப் பங்கு, பாண்டு, பணவீக்கத்துக்கான எண். நம் விலைவாசிக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. ஆனால் முழுவதும் ஈக்விட்டியில் வைத்து 6 சதவீதத்தில் தொடங்குவது அதிகம் என்பதற்கு முதலாமவரின் கணக்கே போதும்.

எப்படித் தெரிந்துகொள்வது? ஒவ்வொரு ஜனவரியிலும் அந்த வருடம் எடுக்கப்போகும் தொகையை அன்றைய இருப்பால் வகுத்துப் பாருங்கள். தொடங்கியபோது எத்தனை சதவீதம் என்று பார்க்காதீர்கள், இன்று எத்தனை என்று பாருங்கள். முதலாமவர் 6 சதவீதத்தில் தொடங்கினார். ஒரே வருடம் கழித்து, தொகையைக் கூட்டாமலேயே, அது 13 சதவீதம். ஓய்வின் முதல் சில வருடங்களில் இந்த எண் ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் அப்படியே தொடரக்கூடாது. எஸ்.டபிள்யூ.பி.-யின் சிக்கல் இதுதான்: ரூபாயில் நிர்ணயித்துவிட்டால் என்.ஏ.வி. எதுவானாலும் தானாக விற்றுக்கொண்டே இருக்கும். வங்கிக் கணக்கில் அதே தொகை வந்து விழுவதால் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஸ்டேட்மென்டில் யூனிட் எண்ணிக்கையைப் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

இனி செய்யவேண்டியது. 1 கோடியில் மூன்று வருடச் செலவான 18 லட்சத்தை ஃபிக்ஸட் டெபாசிட்டிலோ லிக்விட் ஃபண்டிலோ தனியாக வைத்து, மீதி 82 லட்சத்தை மட்டும் ஈக்விட்டியில் போட்டிருந்தால்? 2008, 2009, 2010 ஜனவரிகளில் டெபாசிட்டிலிருந்து எடுக்கிறார், ஈக்விட்டியைத் தொடவில்லை. 2010 கடைசியில் அந்த 82 லட்சம் ஏறக்குறைய 82 லட்சமாகவே நிற்கிறது. அதன்பின் பழையபடி ஈக்விட்டியிலிருந்தே வருடம் 6 லட்சம் எடுத்தாலும் 2017 கடைசியில் 72.7 லட்சம். டெபாசிட்டுக்கு வட்டியே இல்லை என்று வைத்தும் 13 லட்சம் கூடுதல். இதற்கு விலையும் உண்டு. இரண்டாமவர் இப்படி ஒதுக்கியிருந்தால், வட்டி இல்லை என்ற அதே கணக்கில், முடிவில் சுமார் 5 லட்சம் குறைந்திருக்கும். வரிசை எப்படி அமையும் என்று முன்கூட்டித் தெரியாததால், இந்தக் காப்பீட்டுப் பிரீமியத்தைக் கட்டலாம் என்பது என் கருத்து.

இங்கே பலரும் சறுக்குவது அந்த டெபாசிட்டைத் திரும்ப நிரப்புவதில். சந்தை பாதி விழுந்திருக்கும்போது "டெபாசிட் குறைகிறதே" என்று பயந்து ஈக்விட்டியை விற்று நிரப்பினால் ஒதுக்கியதன் பலனே போய்விடும். விதியை முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள்: ஃபண்டின் என்.ஏ.வி. பழைய உச்சத்தைத் தொட்ட பிறகுதான் மூன்று வருடத்துக்கும் நிரப்புவது. அதற்குள் டெபாசிட் தீர்ந்துவிட்டால் அந்த ஒரு வருடத்துக்குத் தேவையானதை மட்டும் விற்பது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் நல்லதுதான், ஆனால் அதை இந்த ஒதுக்கீட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். ஐந்து வருடத்துக்கு முன் உடைத்தால் அபராதம் உண்டு. அதன் காலாண்டு வட்டி, ஈக்விட்டியிலிருந்து எடுக்கவேண்டிய தொகையைக் குறைக்க உதவட்டும்.

டெபாசிட் ஒதுக்க மனமில்லாதவர் இன்னொன்று செய்யலாம். சந்தை இறங்கிய வருடத்துக்கு அடுத்த ஜனவரியில் 7 சதவீத உயர்வை மட்டும் எடுக்காமல், சென்ற வருடத் தொகையையே எடுப்பது. முதலாமவர் 2009, 2012, 2016 என மூன்று முறை அப்படிச் செய்திருந்தால் முடிவில் 23.8-க்குப் பதில் 39.8 லட்சம் இருந்திருக்கும். பத்தாவது வருடத்தில் அவர் எடுப்பது 11 லட்சமாக இல்லாமல் 9 லட்சமாக இருக்கும். அந்த அளவு சுருக்கமுடியுமா என்பதை, மருத்துவச் செலவு, வாடகை இவற்றைத் தனியாகப் பிரித்துப் பார்த்துத்தான் சொல்லமுடியும்.

உங்கள் எண்களை நீங்களே போட்டுப் பாருங்கள். ஸ்ப்ரெட்ஷீட்டில் B பத்தியில் ஜனவரி இருப்பு, C-யில் எடுக்கும் தொகை, D-யில் அந்த வருட ஏற்ற இறக்கச் சதவீதம், % குறியோடு, இறக்கம் என்றால் -52% என்பதுபோல. B3-இல் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=(B2-C2)*(1+D2)
```

முதலில் D பத்தியை 2008 முதல் 2017 வரை நிரப்புங்கள், பிறகு அதையே தலைகீழாக. C-யில் உங்கள் உண்மையான செலவைப் போட்டு, 2008-இல் தொடங்கும் கணக்கில் B பத்தி எந்த வருடம் பாதிக்குக் கீழே போகிறது என்று பாருங்கள். ஐந்து வருடத்துக்குள் போய் மேலே வராமலேயே இருந்தால், எடுக்கும் தொகையைக் குறைக்கவேண்டும், இல்லையென்றால் ஓய்வுபெறுவதற்கு முன்பே மூன்று வருடச் செலவை ஈக்விட்டிக்கு வெளியே கொண்டுவந்துவிடவேண்டும்.