ஓடும் ரயிலுக்குள் மேலே போட்ட பந்து எங்கே விழும்?

கேள்வி: ஐயா, போன வாரம் சேலத்திலிருந்து கோயம்புத்தூர் போகும்போது, ஒன்பதாவது படிக்கும் என் பையன் பெட்டிக்குள் நின்றுகொண்டு டென்னிஸ் பந்தை மேலே போட்டுப் பிடித்துக்கொண்டே வந்தான். வண்டி அவ்வளவு வேகமாகப் போகிறது, பந்து பின்னால் போய் விழ வேண்டாமா? கைக்கே எப்படித் திரும்பி வருகிறது? வெளியே நிற்பவர்களுக்கு அது எங்கே விழுந்த மாதிரி தெரியும்? ஆனால் ஈரோடு வரும் நேரத்தில் ஒருமுறை மட்டும் பந்து அவன் கையைத் தாண்டி முன்னால் விழுந்தது. அவன் தப்பாகப் போட்டானா, வேறு காரணம் இருக்கிறதா?
(வாசகி, அழகாபுரம், சேலம்)

பதில்: கடைசிக் கேள்விக்குப் பாதிப் பதிலை உங்கள் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்கள், "ஈரோடு வரும் நேரத்தில்" என்று. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் பந்து ஏன் கைக்குத் திரும்புகிறது என்பது.

வண்டி மணிக்கு 90 கிலோமீட்டரில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 25 மீட்டர். உங்கள் பையனும் அதே வேகத்தில்தான் போகிறான், அவன் கையும், கையில் இருக்கும் பந்தும்கூட. நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் தெரிவதால் நாம் இதை மறந்துவிடுகிறோம். பந்தை மேலே தூக்கிப் போடும்போது அவன் அதற்கு மேல்நோக்கிய வேகத்தைப் புதிதாகக் கொடுக்கிறான். ஏற்கெனவே இருந்த 25 மீட்டரை அவன் எடுத்துவிடவில்லை.

"கையை விட்ட பிறகு பந்தை முன்னால் தள்ளுவது யார்?" முப்பது வருடம் பிளஸ் டூ வகுப்பெடுத்ததில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். யாரும் தள்ள வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருப்பது ஓடிக்கொண்டே இருக்கும், அதை நிறுத்தத்தான் ஆள் வேண்டும். பந்தைப் பின்னால் இழுக்கக்கூடியது காற்று ஒன்றுதான். ஜன்னல் மூடிய பெட்டிக்குள் அந்தக் காற்றும் வண்டியோடு சேர்ந்தே பயணம் செய்கிறது. மிச்சம் இருப்பது புவியீர்ப்பு. அது பந்தைக் கீழே இழுக்குமே தவிர முன்னாலோ பின்னாலோ இழுக்காது. கப்பலின் மூடிய அறைக்குள் எதைப் போட்டுப் பார்த்தாலும் கப்பல் நிற்கிறதா, சீராக ஓடுகிறதா என்று கண்டுபிடிக்க முடியாது என்று கலிலியோ 1632-லேயே எழுதிவைத்தார். உங்கள் பையன் செய்ததும் அதே சோதனைதான்.

இனி வெளியே நிற்பவர். ஏதாவது ஒரு ரயில்வே கேட்டில் வண்டிக்காகக் காத்திருக்கும் ஒருவருக்கு, ஜன்னல்கள் வழியாக இந்தப் பந்து மட்டும் தெரிகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். கைக்கு மேல் 80 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பந்து போகிறது என்றால், ஏறுவதற்கு 0.4 விநாடி, இறங்குவதற்கு 0.4 விநாடி. மொத்தம் 0.8 விநாடிதான் அது காற்றில் இருக்கிறது. அதற்குள் வண்டியும் பையனும் பந்தும் சேர்ந்து 20 மீட்டர் முன்னால் போய்விடுகிறார்கள். அதாவது பந்து கிளம்பிய இடத்துக்கும் கைக்கு வந்த இடத்துக்கும் நடுவே, தரையில் அளந்தால், ஒரு கிரிக்கெட் பிட்ச் நீளம். உயரமோ ஸ்டம்பை விடக் கொஞ்சம்தான் அதிகம். கேட்டில் நிற்பவர் பார்ப்பது நேர்க்குத்தான கோட்டை அல்ல, பிட்ச் நீளத்துக்கு நீண்ட, தட்டையான ஒரு வளைவை. சின்னப்பம்பட்டி நடராஜன் யார்க்கர் போடும் தூரத்தை உங்கள் பையனின் பந்து சும்மா மேலே போட்டதிலேயே கடந்துவிட்டது. பெருமையெல்லாம் ரயில் டிரைவருக்குப் போக வேண்டும்.

சரி, இரண்டு பேரில் யார் சொல்வது உண்மை? இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். பந்து எங்கே விழுந்தது என்பதில் இருவருக்கும் சண்டையே இல்லை. பையனின் கையில் விழுந்தது என்று கேட்டில் நிற்பவரும் ஒப்புக்கொள்வார். அந்தக் கை எங்கே இருக்கிறது என்பதில்தான் கணக்கு மாறுகிறது. பெட்டியின் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு அளந்தால் கை நகரவே இல்லை. கீழே கிடக்கும் கான்கிரீட் ஸ்லீப்பர் கட்டைகளை எண்ணினால், 60 சென்டிமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில், முப்பதுக்கு மேல் தாண்டியிருக்கும். எதை வைத்து அளக்கிறோம் என்று சொல்லாமல் "நேராகப் போனதா, வளைந்து போனதா" என்று கேட்டால் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

இப்போது ஈரோடு. ஸ்டேஷன் நெருங்கும்போது டிரைவர் மெதுவாக பிரேக் போட்டிருப்பார். விநாடிக்கு விநாடி அரை மீட்டர் வேகம் குறைகிறது என்று வைப்போம். அப்படிக் குறைந்தால் 90-லிருந்து நிற்க 50 விநாடி ஆகும், உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் பந்து மேலே இருக்கும் 0.8 விநாடியில் வண்டியின் வேகம் 0.4 மீட்டர் குறைந்துவிடுகிறது. பந்துக்கு இந்தச் சேதி தெரியாது, அது கிளம்பிய வேகத்திலேயே போகிறது. சராசரியாகப் பார்த்தால் கை விநாடிக்கு 0.2 மீட்டர் வீதம் பின்தங்குகிறது. 0.8 விநாடிக்கு அது 16 சென்டிமீட்டர், ஏறக்குறைய முக்கால் சாண். பந்து முன்னால் ஓடியதாக நமக்குத் தெரிகிறது, உண்மையில் கைதான் பின்தங்கியது. வண்டி கிளம்பி வேகம் எடுக்கும்போது இதுவே தலைகீழாக நடக்கும், பந்து பின்பக்கம் விழும். "மேலே போட்ட நாணயம் பயணிக்குப் பின்னால் விழுந்தால் ரயில் எப்படி ஓடுகிறது?" என்று பரீட்சையில் கேட்பது இதைத்தான். பயணி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்று வினாத்தாளில் சொல்ல மாட்டார்கள், வண்டி போகும் திசையைப் பார்த்துத்தான் நிற்கிறார் என்று நாமாக எடுத்துக்கொள்ள வேண்டும்!

ஆனால் அவசரப்பட்டு பிரேக் மேல் பழியைப் போடவும் முடியாது. கை நேராகப் போட்டது என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஒரே ஒரு டிகிரி சாய்த்துப் போட்டாலும் பந்து ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி விழும். மூன்று டிகிரி என்றால் 17 சென்டிமீட்டர், அதாவது பிரேக் போட்டதற்குச் சமம். போடும்போது மூன்று டிகிரி சாய்ந்ததைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். ஒருமுறை விழுந்ததை வைத்து முடிவு செய்யாமல் பத்து முறை போட வேண்டும். கைப்பிழை என்றால் முன்னே, பின்னே, பக்கத்தில் என்று சிதறும். பிரேக் என்றால் எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கும்.

இதைவிட நல்ல சாட்சி ஒன்று உண்டு. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை அரை மீட்டர் நூலில் கட்டி, மிடில் பெர்த் சங்கிலியிலோ பை மாட்டும் கொக்கியிலோ தொங்கவிடுங்கள். ஆட்டம் அடங்கியதும் பாட்டில் நேராகத் தொங்கினால் வண்டி சீராக ஓடுகிறது, பந்து கைக்கு வரும். மேலே சொன்ன பிரேக்குக்கு பாட்டில் முன்பக்கமாக இரண்டரை சென்டிமீட்டர் ஒதுங்கி நிற்கும். பந்தும் பாட்டிலும் ஒரே விஷயத்தைத்தான் அளக்கின்றன. கணக்குப் போட்டால், 80 சென்டிமீட்டர் உயரம் போட்ட பந்து, அதைப்போல நான்கு மடங்கு, அதாவது 3.2 மீட்டர் நீளமுள்ள நூலில் தொங்கும் பாட்டில் எவ்வளவு ஒதுங்குமோ அவ்வளவு ஒதுங்கும். பெட்டிக்குள் அவ்வளவு நீள நூலைத் தொங்கவிட இடமில்லை, பந்து அந்தக் குறையைத் தீர்க்கிறது. பந்து விலகியும் பாட்டில் நேராக நின்றால், தப்பு கையில்தான்.

வேகம் மாறாமல் ஓடும் வண்டியிலும் பந்து விலகும் ஓர் இடம் உண்டு, வளைவு. சென்னைப் பக்கமிருந்து வரும்போது பொம்மிடி தாண்டி, லோக்கூர், டேனிஷ்பேட்டை என்று சேர்வராயன் மலையடியை ஒட்டி வண்டி வளைந்து வளைந்து வரும். வேகமானி முள் அசையாமல் நின்றாலும், திசை மாறிக்கொண்டே இருப்பதால் இது சீரான ஓட்டம் ஆகாது. பந்து பழைய திசையிலேயே போகும், பெட்டி திரும்பிவிடும், பந்து வளைவின் வெளிப்பக்கம் விழும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு விழாது. வளைவில் வெளித் தண்டவாளத்தைச் சற்று உயர்த்தியே போட்டிருப்பார்கள், பெட்டியே உள்பக்கமாகச் சாய்ந்து ஓடும். அந்த உயர்வுக்கு ஏற்ற வேகத்தில் வண்டி போனால், பெட்டித் தரைக்கு நேர்க்குத்தாகப் போட்ட பந்து கைக்கே திரும்பிவிடும். ஏற்காடு பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவில் அப்படி முழு ஈடுகட்டல் கிடைக்காது. 12 மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தில் மணிக்கு 15 கிலோமீட்டரில் திரும்பினாலே, வெறும் 40 சென்டிமீட்டர் உயரம் போட்ட பந்து 20 சென்டிமீட்டருக்கு மேல் வெளிப்பக்கம் ஓடிவிடும். பக்கத்து சீட்டுக்காரர் மடியில் விழுந்தால் நான் பொறுப்பல்ல.

காற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஸ்லீப்பர் பெட்டியில் ஜன்னல்கள் திறந்திருந்தால் உள்ளே காற்று அடிக்கும். டென்னிஸ் பந்து 57 கிராம் என்பதால் லேசான காற்றுக்குச் சில சென்டிமீட்டர்தான் நகரும். டேபிள் டென்னிஸ் பந்து மூன்று கிராம்கூட இல்லை, அதே காற்றுக்கு ஒரு சாணுக்கு மேல் அடித்துப் போய்விடும். அதை வைத்துச் சோதித்துவிட்டு விதி தப்பு என்று சொல்லக் கூடாது. முழுக்கத் திறந்த சரக்கு வேகன் மேல் நின்று போட்டால் கதையே வேறு. 25 மீட்டர் வேகக் காற்று நேராக முகத்தில் அடிக்கும், டென்னிஸ் பந்தே மூன்று நான்கு மீட்டர் பின்னால் போய்த்தான் விழும். "பந்து பின்னால் விழ வேண்டாமா" என்று உங்களுக்குத் தோன்றியதும் அனேகமாக இப்படித்தான் வந்திருக்கும். பைக்கில் போகும்போது காகிதம் பறந்து பின்னால் போவதைப் பார்த்துப் பழகிய கண் அது.

பையனுக்கு இரண்டு பார்வையையும் சேர்த்துக் காட்ட ஒரு வழி இருக்கிறது. சேலம் ஜங்ஷனில் வண்டி பிளாட்பாரத்தை விட்டு மெதுவாகக் கிளம்பும்போது அவன் உள்ளே, ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று பந்தைப் போடட்டும். வழியனுப்ப வந்தவர் பிளாட்பாரத்தில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று, போனை அசைக்காமல் பிடித்து வீடியோ எடுக்கட்டும். வண்டியோடு சேர்த்து போனைத் திருப்பிவிட்டால் வளைவு தெரியாது, நேர்க்கோடுதான் தெரியும். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்திலேயே பந்து நான்கு மீட்டர் நகர்ந்துவிடும். வீடியோவை ஒவ்வொரு பிரேமாக நிறுத்தி, பந்து இருக்கும் இடத்தை டிரேசிங் பேப்பரில் புள்ளி வைத்துக்கொண்டே போனால் வளைவு தானாக வந்துவிடும். வண்டி வேகம் எடுத்துக்கொண்டிருக்கும் நேரம் என்பதால் பந்து கைக்குச் சில சென்டிமீட்டர் பின்னால்தான் இறங்கும், பையனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.