இருபத்து நான்கா, பத்தா?

அன்புள்ள ஐயா,

நான் குடியாத்தத்தில் பிளஸ் ஒன் படிக்கிறேன். எங்கள் இயற்பியல் சார் காட்பாடியிலிருந்து ரயிலில் வருகிறவர். மணி அடித்ததும் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவார். அதனால் சந்தேகம் இருந்தால் மெயிலில் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். வெப்பம் பற்றிய ஒர்க்‌ஷீட்டில் 7-வது கேள்வி இது: 30°C-இல் உள்ள 200 கிராம் தண்ணீரில் 0°C-இல் உள்ள 50 கிராம் பனிக்கட்டியைப் போட்டால் இறுதி வெப்பநிலை என்ன? நான் 10°C என்று எழுதினேன். சார் அதை அடித்துவிட்டு 8°C என்று போட்டிருக்கிறார். "சார், 7-வது கேள்வி புரியவில்லை, தயவுசெய்து விளக்கவும்" என்று மெயில் அனுப்பினேன். "உள்ளுறை வெப்பம் பகுதியை மறுபடி படி" என்று ஒரே வரியில் பதில் வந்தது. படித்தேன், இன்னும் தெரியவில்லை. மறுபடி எழுதினால் கோபித்துக்கொள்வாரா? எப்படி எழுதுவது?

கார்த்திக், குடியாத்தம்

அன்புள்ள கார்த்திக்,

கோபித்துக்கொள்ள மாட்டார். நீ அனுப்பிய மெயிலுக்கு அவர் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறார். எனக்கு எழுதிய கடிதத்தில் நீ 10 என்று எழுதியதைச் சொல்கிறாய். அவருக்கு அனுப்பிய மெயிலில் அது இல்லை. திருத்திய தாள்களை உங்களிடமே கொடுத்துவிட்டார். ரயிலில் உட்கார்ந்து செல்போனில் மெயிலைத் திறக்கிறவருக்கு, இந்தக் கணக்கில் யார் என்ன தப்பு செய்தார்கள் என்பது எப்படி நினைவிருக்கும்?

இந்தக் கணக்கில் பிள்ளைகள் வழக்கமாக இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். சிலர் பனிக்கட்டி உருகுவதற்கே வெப்பம் வேண்டும் என்பதை மறந்து, 0°C தண்ணீரைக் கலந்த மாதிரி போடுவார்கள்.

```
200 × (30 − T) = 50 × T
T = 24
```

24 என்று விடை வந்தால் அந்தப் பையனுக்கு உள்ளுறை வெப்பம் ஞாபகமே வரவில்லை என்று அர்த்தம். அவனுக்கு "அந்தப் பகுதியை மறுபடி படி" என்பது நல்ல பதில். உன்னையும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்று சார் நினைத்திருப்பார்.

உன் 10 வேறு வழியில் வந்தது. நீ இப்படிப் போட்டிருப்பாய் என்று ஊகிக்கிறேன்:

```
200 × (30 − T) = 50 × 80
T = 10
```

ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி, 50 கிராமுக்கு 4000 கலோரி. இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் அந்தப் பாடத்தை எத்தனை தடவை படித்தாலும் புதிதாக ஒன்றும் கிடைக்காது. தப்பு அதற்கு அடுத்த படியில் இருக்கிறது.

சரி, மெயில் எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை செய். உன் விடையையே கணக்கில் திரும்பப் போட்டுப் பார். 200 கிராம் தண்ணீர் 30-லிருந்து 10-க்கு வந்தால் அது விட்ட வெப்பம் 4000 கலோரி. அது முழுக்கப் பனிக்கட்டியை உருக்கவே செலவாகிவிட்டது. அப்படியானால் உருகி வந்த அந்த 50 கிராம் தண்ணீர் எந்த வெப்பநிலையில் இருக்கிறது? 0°C-இல். பக்கத்தில் இருக்கும் தண்ணீரோ 10°C-இல். ஒரே டம்ளரில் இரண்டு வெப்பநிலை இருந்தால் கதை இன்னும் முடியவில்லை. உருகிய தண்ணீரும் T வரைக்கும் சூடாக வேண்டும், அதற்கும் வெப்பம் கொடுத்தாக வேண்டும்.

```
200 × (30 − T) = 50 × 80 + 50 × T
6000 − 4000 = 250 × T
T = 8
```

தப்பு கிடைத்துவிட்டதே, அப்புறம் மெயில் எதற்கு என்று கேட்பாய். இதே கணக்கில் 50 கிராமுக்குப் பதில் 100 கிராம் பனிக்கட்டி என்று வைத்துப் போட்டுப் பார். T கிட்டத்தட்ட −6.7 என்று வரும். பூஜ்ஜியத்தில் இருந்த பனிக்கட்டியையும் வெதுவெதுப்பான தண்ணீரையும் கலந்தால் இரண்டையும்விடக் குளிர்ந்த ஒன்று எப்படி வரும்? இதுதான் சாரிடம் கேட்க வேண்டிய கேள்வி. இப்படி எழுதலாம்:

"பொருள்: வெப்பம் ஒர்க்‌ஷீட், கேள்வி 7 (பனிக்கட்டிக் கலவை)

வணக்கம் சார். பிளஸ் ஒன் 'பி' பிரிவு கார்த்திக். 7-வது கேள்விக்கு 10°C என்று எழுதியிருந்தேன், நீங்கள் 8°C என்று திருத்தியிருந்தீர்கள். உருகிய 50 கிராம் தண்ணீர் 0-லிருந்து சூடாவதற்கான வெப்பத்தை விட்டுவிட்டேன் என்று இப்போது தெரிகிறது. அதைச் சேர்த்தால் 8 வருகிறது. ஆனால் 100 கிராம் பனிக்கட்டி என்று வைத்தால் அதே சமன்பாட்டில் −6.7 வருகிறது. சமன்பாட்டை எழுதும் முன்பே அது பொருந்துமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு கணக்குகளின் படத்தையும் இணைத்திருக்கிறேன். புதன்கிழமை வகுப்பில் கேட்பது வசதி என்றாலும் சரி சார்."

பிரிவையும் கிழமையையும் நீ மாற்றிக்கொள். படம் எடுக்கும்போது தாளை வெளிச்சத்தில் நேராக வைத்து, அடித்த வரிகளும் தெரிகிற மாதிரி எடு. அழகாகத் திரும்ப எழுதி அனுப்பாதே. சார் பார்க்க விரும்புவது உன் பழைய வரிகளைத்தான். ஒருவேளை 10 எங்கே தப்பு என்று உனக்குப் பிடிபடாமல் போயிருந்தாலும் இதே அமைப்பு போதும். "200 × (30 − T) = 50 × 80 என்று போட்டேன், இதில் எது விடுபட்டது?" என்று கேட்டிருந்தால் அவர் ஒரு வரியில் சொல்லியிருப்பார்.

"மார்க்குக்காகக் கேட்கவில்லை சார்" என்ற வரியை மட்டும் சேர்க்காதே. நிறையப் பேர் எழுதுகிறார்கள். படிக்கிறவருக்கு முதலில் மார்க்தான் நினைவுக்கு வரும். நிஜமாகவே கூட்டலில் மார்க் விட்டுப்போயிருந்தால் அதை வகுப்பில் தாளைக் காட்டிக் கேள்.

இனி வருவது மற்ற வாசகர்களுக்கு. கார்த்திக், சாரின் பதில் வந்த பிறகு நீ இதைப் படிக்கலாம்.

அந்தச் சமன்பாடு பனிக்கட்டி முழுக்க உருகிவிடும் என்று முன்கூட்டியே நம்பி எழுதப்பட்டது. அது நடக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். 200 கிராம் தண்ணீர் 30-லிருந்து 0 வரை இறங்கினால் அதிகபட்சம் 6000 கலோரி தரும். 50 கிராம் பனிக்கட்டி உருக 4000 போதும், 2000 மிச்சம், அதனால் சமன்பாடு பொருந்துகிறது. 100 கிராம் உருக 8000 வேண்டும், அவ்வளவு கையிருப்பு இல்லை. 6000-ஐ 80-ஆல் வகுத்தால் 75 கிராம் உருகும், 25 கிராம் பனிக்கட்டியாகவே மிதக்கும், வெப்பநிலை 0°C-இல் நிற்கும். எல்லை சரியாக 75 கிராமில் இருக்கிறது.

வீட்டில் செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வேலூர் வெயிலில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் இதைச் செய்தால் 8 வராது. டம்ளரும் தன் பங்குக்கு வெப்பம் தரும், வெளிக்காற்றும் தரும். அதனால் வெப்பமானி 8-க்கு மேலேயே காட்டப் பார்க்கும். ஃப்ரீசரிலிருந்து நேராக எடுத்த கட்டி 0-க்குக் கீழே குளிர்ந்திருப்பதால் எதிர்ப்பக்கம் இழுக்கும். கொஞ்ச நேரம் வெளியே வைத்து, மேலே ஈரம் படர ஆரம்பித்ததும் துடைத்துவிட்டு எடை போடுங்கள். துடைக்காமல் போட்டால் ஏற்கெனவே உருகிய தண்ணீரையும் பனிக்கட்டிக் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள்.