அவர் யாருடைய ஆள்?

அன்புள்ள அண்ணா,

நான் களுவாஞ்சிக்குடியைச் சேர்ந்தவள், கொழும்பில் வேலை. 2016இல் ஒரு ஏஜென்சிக்காரர் என்னை ஒரு கம்பனியில் உதவிக் கணக்காளராகச் சேர்த்துவிட்டார். இரண்டு பதவி உயர்வோடு இன்னும் அங்கேயேதான் இருக்கிறேன். இப்போது வெளியே நிதி முகாமையாளர் இடம் ஒன்று தேட நினைக்கிறேன். ஆரம்பத்தில் இரண்டு வருடம் அவர் பொங்கல் வாழ்த்து அனுப்பினார், நான் பதில் போடவில்லை. இவ்வளவு காலத்துக்குப் பிறகு எந்த முகத்தோடு எழுதுவது? முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? ஒரு சட்டி தயிரோடு நேரே போய்ப் பார் என்கிறா அம்மா. சீவியை இணைத்து, "ஏதாவது பொருத்தமான இடம் இருந்தால் சொல்லுங்கள்" என்று மட்டும் எழுதினால் போதாதா? தேவைப்பட்டால் ராஜினாமா செய்துவிட்டுத் தேடவும் தயார்.

அன்புள்ள தங்கச்சி,

வெட்கத்தை விடுங்கள். ஆட்களோடு தொடர்பு அறுந்துபோவதும் திரும்ப ஒட்டுவதும் அவருடைய தொழிலில் அன்றாடம் நடப்பது. பொங்கல் வாழ்த்துக்கு அப்போது பதில் போடவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். ராஜினாமாப் பேச்சை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அம்மாவின் தயிர்ச்சட்டிதான் என்னை எழுத உட்கார வைத்தது. அம்மா ஏன் அப்படிச் சொல்கிறா என்று எனக்கு நன்றாகத் தெரியும். நம் பக்கத்தில் ஏஜென்ட் என்றால் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர். அவர் வீட்டு வாசலில் காத்திருக்க வேண்டும், நகையை அடகு வைத்தாவது காசு கட்ட வேண்டும், பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டு அவர் மனம் கோணாமல் நடக்க வேண்டும். என் சின்னம்மா சவூதிக்குப் போன காலத்தில் அந்த வாசல்களில் நானும் நின்றிருக்கிறேன். வேலை தேடுகிறவர்தான் காசு கொடுப்பவர், கொடுத்தும் கெஞ்ச வேண்டியவரும் அவர்தான். அந்தப் பழக்கம் படித்து உத்தியோகம் பார்க்கிற பிள்ளைகளுக்குள்ளும் ஊறிப்போயிருக்கிறது. உங்கள் "எந்த முகத்தோடு" அங்கிருந்துதான் வருகிறது.

கொழும்பில் உங்களைச் சேர்த்துவிட்டவரின் கணக்கு வேறு. அவருக்குக் காசு கொடுத்தது கம்பனி. சேர்கிற ஆளின் முதல் வருடச் சம்பளத்தில் இத்தனை வீதம் என்று கம்பனி ஏஜென்சிக்குக் கட்டும். பல இடங்களில் அது ஐந்தில் ஒரு பங்கு, நாலில் ஒரு பங்கு வரைக்கும் போகும். உங்களிடம் ஒரு சதமும் வாங்கவில்லை, வாங்கவும் கூடாது. நல்ல மனிதராக இருக்கலாம், உங்கள் மேல் உண்மையான அக்கறையும் இருக்கலாம். ஆனால் தொழிலில் அவர் கம்பனியின் ஆள். இதை அவர் மேல் ஒரு குறையாகச் சொல்லவில்லை. இது பிடிபட்டால்தான் அவருக்கு என்ன எழுதுவது என்பதும் பிடிபடும்.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு விசயத்துக்கு வருகிறேன். "இன்னும் அங்கேயேதான் இருக்கிறேன்." தங்கச்சி, எல்லாமே இதில்தான் இருக்கிறது. ஏஜென்சி ஒரு கம்பனிக்கு ஆள் பிடித்துக் கொடுத்தால், அதே கம்பனியின் ஆட்களை வேறு இடத்துக்கு இழுக்கக் கூடாது என்று இரு பக்கமும் ஒத்துக்கொள்வது வழக்கம். கடைசியாக ஆள் கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம், இரண்டு வருடம் என்று அதற்குக் காலம் வைப்பார்கள். தாங்களே சேர்த்துவிட்ட ஆள் என்றால், அவர் அங்கே இருக்கும் வரைக்கும் தொடுவதில்லை என்று வைத்திருக்கிற ஏஜென்சிகளும் உண்டு. அது நியாயம்தான். ஒரு கையால் ஆளைக் கொடுத்து மறு கையால் எடுத்தால் எந்தக் கம்பனி திரும்ப வரும்?

ஆகவே அவரிடமிருந்து இத்தனை வருடம் ஒரு அழைப்பும் வராததற்கு நீங்கள் வாழ்த்துக்குப் பதில் போடாதது காரணமாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் பெயருக்கு எதிரே தொடக்கூடாது என்று குறித்து வைத்திருக்கலாம். நாளைக்கு நீங்கள் எழுதியும் அவர் மழுப்பினால், எழுத்தில் ஒன்றும் சொல்லாமல் போனில் மட்டும் கதைத்தால், "பார்த்துச் சொல்கிறேன்" என்று இழுத்தால், மனம் உடையாதீர்கள். பல நேரம் காரணம் இதுதான். நாமாகவே தேடிப் போனால் சில ஏஜென்சிகள் ஏற்கும். சில, உங்கள் கம்பனிக்கு முதலில் தெரிய வேண்டும் என்று கேட்கும். சிலது முடியாது என்றே சொல்லிவிடும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும், அதனால் அவரிடமே கேளுங்கள்.

ஆனால் கேட்பதற்கு முன் ஒன்று யோசித்தீர்களா? உங்கள் கம்பனி இன்றைக்கும் அவருடைய வாடிக்கையாளராக இருந்தால், நீங்கள் வெளியேறப் பார்க்கிறீர்கள் என்ற செய்தியை உங்கள் முதலாளிக்குச் சேவை செய்கிற ஒருவரிடம்தான் கொடுக்கப் போகிறீர்கள். தொழில் தெரிந்தவர் வாயைத் திறக்க மாட்டார். அதற்காக முதல் கடிதத்திலேயே சீவியும் சம்பளமும் மனக்குறையுமாக எல்லாவற்றையும் கொட்டிவிடுவதா? கணக்கு வேலை பார்க்கிற பிள்ளை, கொஞ்சம் கணக்காக நடக்க வேண்டாமா!

முதலில் லிங்க்ட்இன்னில் அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். இத்தனை வருடம் ஒரே ஏஜென்சியில் இருப்பவர்கள் குறைவு. அவர் மாறியிருந்தால் உங்கள் கதையும் மாறும். உங்கள் கம்பனியோடு ஒப்பந்தம் வைத்தது பழைய ஏஜென்சி, அவர் அல்ல. புதிய இடத்துக்கும் உங்கள் கம்பனி வாடிக்கையாளராக இல்லாவிட்டால் அவர் கை பெரும்பாலும் கட்டப்பட்டிருக்காது. ஆனால் உங்கள் விபரமும் அவரோடு போயிருக்காது, அது பழைய ஏஜென்சியின் கணினியில் கிடக்கும். அவர் அங்கேயே இருந்தாலும் அந்தக் கணினியில் நீங்கள் இன்னும் 2016ஆம் ஆண்டுப் பிள்ளைதான். நிதி முகாமையாளர் வேண்டும் என்று யாராவது தேடும்போது உங்கள் பெயர் மேலே வராது, பழைய சம்பளத்தோடு உதவிக் கணக்காளர் பட்டியலில்தான் நிற்கும். அந்தப் பதிவை மாற்ற வைப்பதுதான் நீங்கள் எழுதுவதன் முதல் பயன், வேலை அதற்குப் பிறகுதான்.

"ஏதாவது பொருத்தமான இடம்" என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். உதவிக் கணக்காளருக்கு அது செல்லும், அந்த மட்டத்தில் இடங்கள் வந்துகொண்டே இருக்கும், பெயரைப் போட்டு அனுப்பலாம். மேல்மட்டத்தில் கம்பனி முதலில் தேடல் ஒன்றை ஒப்படைக்கும், பல நேரம் முன்பணமும் கட்டும். அதன்பிறகுதான் அவர் ஆட்களை நினைக்கத் தொடங்குவார். அந்த நேரத்தில் உங்கள் பெயரோடு ஏதாவது தெளிவான ஒன்று அவர் மனதில் நிற்க வேண்டும். "ஏதாவது" என்று எழுதியவரின் பெயரோடு என்ன நிற்கும்?

எழுதுவது ஏழெட்டு வரிக்கு மேல் போக வேண்டாம். நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், சாரத்தை மட்டும் தருகிறேன்:

"2016இல் இன்ன கம்பனிக்கு உதவிக் கணக்காளராக என்னைச் சேர்த்துவிட்டீர்கள். உங்கள் பொங்கல் வாழ்த்துகளுக்கு அப்போது பதில் எழுதவில்லை, வருந்துகிறேன். இன்னும் அங்கேயே இருக்கிறேன், இப்போது இத்தனை பேர் கொண்ட கணக்குப் பிரிவு என் பொறுப்பில். அடுத்ததாக உற்பத்தித் துறையில் நிதி முகாமையாளர் பொறுப்பை எதிர்பார்க்கிறேன். அவசரம் இல்லை. இந்த விசயம் உங்களோடு மட்டும் இருக்கட்டும். நான் இருக்கும் இடத்தை வைத்து என்னோடு பேச உங்கள் ஒப்பந்தம் இடம் தருமா என்று முதலில் அறிய விரும்புகிறேன். தருமென்றால் புதிய சீவியை அனுப்புகிறேன்."

துறையை நான் சும்மா போட்டேன், உங்களுடையதைப் போடுங்கள். சம்பளம், எத்தனை மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கேட்டதும் ஒளிக்காமல் சொல்லுங்கள். தயிர் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், அலுவலகத்தில் அது அவரைத்தான் சங்கடப்படுத்தும்.

அவர் சரி என்று சொன்ன பிறகு செய்யக்கூடாத ஒன்றை, நானே செய்து கெடுத்துக்கொண்ட கதையாகச் சொல்கிறேன். 2011இல் நானும் உங்களைப் போல பழைய ஏஜென்சிக்காரர் ஒருவருக்கு எழுதினேன். முன்பு களஞ்சியப் பொறுப்பாளர் வேலை வாங்கித் தந்தவர், நான் தேடியது விநியோகப் பிரிவின் தலைமை இடம். நல்ல பதில் வந்தது. அதே வாரம் பயத்தில் இன்னொரு ஏஜென்சிக்கும் சீவியைக் கொடுத்து, "எங்கே வேண்டுமானாலும் அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் என்னை ஒரே கம்பனிக்கு அனுப்பினார்கள்.

போன் வந்தபோது கல்லடிப் பக்கம் மோட்டார் சைக்கிளில் நின்றேன். புதுப் பாலம் வராத காலம். பழைய இரும்புப் பாலத்தில் ஒரு பக்கத்து வாகனம் வந்து முடிந்த பிறகுதான் மறு பக்கம் போகலாம், அந்த வரிசை. பழையவர்தான் பேசினார். குரலில் கோபமில்லை. "தம்பி, உங்கள் பேப்பர் அவர்களுக்கு இரண்டு பக்கத்தால் போயிருக்கு. கட்டணம் யாருக்கு என்று இரண்டு ஏஜென்சியும் கேட்கும், அந்தச் சண்டை வேண்டாமென்று உங்களையே விட்டுவிட்டார்கள்" என்றார். எதிரே ஒரு லொறி பலகைகள் அதிர வந்துகொண்டிருந்தது, அவர் கடைசியாகச் சொன்னது காதில் விழவில்லை. திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதன்பிறகு அவர் என்னை எங்கேயும் அனுப்பவில்லை. ஆளைப் பற்றி முதலாளியிடம் தன் வாக்கைக் கொடுத்துவிட்டு, அந்த ஆள் நாலு கடையில் கிடந்தான் என்று கேட்பது அவருக்கு எவ்வளவு அவமானம் என்று எனக்கு விளங்க வருடங்கள் ஆயின.

ஆகவே சீவியைக் கொடுக்கும்போதே ஒரு சொல் வாங்கிக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு முறையும் கம்பனியின் பெயரைச் சொல்லி, நான் சரி என்ற பிறகுதான் அனுப்ப வேண்டும். பெயர் சொல்ல மறுக்கிறவருக்குச் சீவி இல்லை. நீங்களாக எங்கே விண்ணப்பித்தீர்கள் என்பதையும் அவரிடம் மறைக்காதீர்கள். ஒரு கொப்பியில் கம்பனி, திகதி, யார் மூலம் என்று எழுதி வையுங்கள்.

ராஜினாமா ஏன் வேண்டாம் என்றேன் அல்லவா? நீங்கள் வெளியே வந்துவிட்டால் அவர் கைக்கட்டு அவிழ்ந்துவிடும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லக்கூடும். அவரே கூடச் சொல்லலாம். கேட்காதீர்கள். மேல்மட்டத் தேடல் மாதக் கணக்கில் போகும், சில வேளை ஒரு வருடமும் ஆகும். நீங்கள் தேடுவது போன்ற ஒரு இடம் அவர் கையில் இன்றைக்கு இல்லாமலே இருக்கலாம். ஒப்பந்தம் குறுக்கே நின்றால் உங்கள் கம்பனியோடு வியாபாரம் இல்லாத இன்னொரு ஏஜென்சியைத் தேடுங்கள், அவ்வளவுதான்.

அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி போடுங்கள். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.