நள்ளிரவுக்குப் பின் வரும் ஹோட்டல் முன்பதிவை எந்தத் தேதியில் போடுவது?

“இரவு 12:40-க்கு ஆன்லைனில் புக் செய்தவர் 1:15-க்கு வந்து நிற்கிறார். கணினியில் அவருக்கு அறை மதியம் 2 மணிக்குத்தான். யார் சொல்வது சரி?”

இருவருமே சரிதான், அதுதான் வம்பு. உதாரணமாக, நாட்காட்டியில் 15 பிறந்துவிட்டது. ஆனால் அன்றைய கணக்கை முடித்துத் தேதியை மாற்றும் நைட் ஆடிட் நடந்து முடியும்வரை ஹோட்டல் கணக்கில் இன்னும் 14-தான். விருந்தினர் “இன்றிரவு” என்று நினைத்து 15-ஐத் தொட்டிருப்பார். அது உண்மையில் 15 மதியம் தொடங்கி 16 காலையில் முடியும் தங்கல்.

இப்போதே தூங்க வேண்டுமென்றால் வருகையை 14, வெளியேறுதலை 15 என்று மாற்றுங்கள். ஆடிட்டுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். பிறகு பல மென்பொருள்களில் பழைய தேதியில் செக்-இன் போட முடியாது. முன்பதிவுத் தளம் வழியாக வந்திருந்தால் அங்கேயும் திருத்த வேண்டும். இல்லையென்றால் 15-ஆம் தேதி இரவுக்கு வராதவர் என்று கட்டணம் விழலாம்.

போனில் கேட்பவரிடம் தேதியைக் கேட்கவே கேட்காதீர்கள். “இப்போது வந்து தூங்கப் போகிறீர்களா, மதியத்துக்கு மேல் வருகிறீர்களா?” என்று கேளுங்கள். அப்புறம் உறுதிச் செய்தியில் கிழமையோடு எழுதுங்கள்: “செவ்வாய் இரவு தங்கல், புதன் காலை 11-க்கு அறையை விட வேண்டும்.” ‘இன்று’, ‘நாளை’ இரண்டும் வேண்டாம். ஆன்லைனில் 12 மணிக்கு மேல் அதே தேதிக்கு வருபவற்றை மட்டும் இரவு ஊழியர் உடனே அழைத்துக் கேட்கட்டும்.