பாதியும் நிரம்பாத கழிவுநீர்க் குழாய்க்கு எவ்வளவு வாட்டம் தேவை?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 60 வீடுகள். 80 மீட்டர் நீளமுள்ள 200 மி.மீ. கழிவுநீர்க் குழாயை 250-க்கு 1 வாட்டத்தில் பதித்திருக்கிறோம். கணக்குப்படி வேகம் வினாடிக்கு 0.66 மீட்டர் வருகிறது. ஆனாலும் குழாய் நெடுக மணல் தங்குகிறது. 250 மி.மீ. குழாயாக மாற்றினால் தீருமா? தெரு மேன்ஹோல் வரை அதிகபட்சம் 70 செ.மீ. இறக்கம் கிடைக்கும்.

பதில்: தீராது. 0.66 மீட்டர் என்பது குழாய் முழுவதும் நிரம்பி ஓடும்போது கிடைக்கும் வேகம். உங்கள் குழாய் ஒருபோதும் அப்படி ஓடுவதில்லை. வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், அதில் 80 விழுக்காடு கழிவாகத் திரும்புகிறது என்று கொண்டால், சராசரி ஓட்டம் வினாடிக்கு 0.375 லிட்டர்தான். காலை நேர உச்சத்துக்கு மும்மடங்காக எடுத்தாலும் 1.1 லிட்டரைச் சற்றே தாண்டுகிறது. குழாயின் முழுக் கொள்ளளவோ வினாடிக்கு ஏறத்தாழ 20.7 லிட்டர்.

வட்டக் குழாய் பாதி நிரம்பி ஓடும்போது வேகம் முழுக்குழாய் வேகத்துக்குச் சமமாகவே இருக்கும், ஏனெனில் நீரின் குறுக்குப் பரப்பை அது நனைக்கும் சுற்றளவால் வகுத்தால் கிடைக்கும் நீரியல் ஆரம் இரு நிலைகளிலும் ஒன்றே. பாதிக்குக் கீழே ஆழம் குறையக் குறையப் பரப்பு விரைவாகச் சுருங்க, நனைந்த சுற்றளவு அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. ஆகவே ஆரமும் வேகமும் சரிகின்றன. ஆழம் விட்டத்தில் 0.2 பங்காக இருந்தால் முழு வேகத்தில் சுமார் 0.61 பங்கும், 0.1 பங்காக இருந்தால் சுமார் 0.4 பங்கும்தான் கிடைக்கும். உங்கள் குழாயில் உச்ச நேரத்திலேயே நீர் ஏறத்தாழ 32 மி.மீ. ஆழம்தான் நிற்கிறது. குழாயின் கரடுத்தன்மை எண் n-ஐ 0.013 என்றும், நீரியல் ஆரத்தை R என்றும், வாட்டத்தை S என்றும் கொண்டு மேனிங் சூத்திரத்தில்

```
v = (1/n) × R^(2/3) × S^(1/2)
```

கணக்கிட்டால் உண்மையான வேகம் 0.35 மீட்டர்தான். இந்தியாவின் கழிவுநீர் வடிவமைப்புக் கையேடு தொடக்கக் கால உச்ச ஓட்டத்திலேயே வினாடிக்கு 0.6 மீட்டர் கேட்கிறது.

இதே வாட்டத்தில் 250 மி.மீ. குழாய் போட்டால் நீர் இன்னும் அகலமாக, மெலிதாகப் பரவி, வேகம் 0.34 ஆகக் குறையும். 150 மி.மீ. போட்டால் 0.36. விட்டம் எதுவானாலும் வேறுபாடு இவ்வளவே என்பதால், குறைந்த ஓட்டத்தில் மணலை நகர்த்துவது வாட்டம்தான். குழாயைப் பெரிதாக்கினால் வாட்டத்தைக் குறைக்கலாம் என்ற எண்ணம் நிறைய ஓட்டமுள்ள குழாய்களுக்கே பொருந்தும். உங்கள் ஓட்டத்துக்கு 0.6 மீட்டர் வேகம் வேண்டுமானால் 150 மி.மீ. குழாய்க்கு ஏறத்தாழ 60-க்கு 1 வாட்டமும், 200 மி.மீ. குழாய்க்கு அதைவிடச் செங்குத்தாக 55-க்கு 1 வாட்டமும் தேவைப்படும். 80 மீட்டருக்கு இது 1.3 மீட்டருக்கும் மேலான இறக்கம். உங்களிடம் 70 செ.மீ.தான் இருக்கிறது.

அதனால் வேகத்தை விட்டுவிட்டு, நீர் குழாயின் அடியைத் தேய்த்து இழுக்கும் விசையைப் பார்ப்பது இங்கே சரியான வழி. நீரின் எடையடர்த்தி, நீரியல் ஆரம், வாட்டம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் அது கிடைக்கும். பிரேசிலின் கழிவுநீர்க் குழாய் விதிகள் இதற்குக் குறைந்த அளவாக 1 பாஸ்கலை வைத்திருக்கின்றன. உங்கள் குழாயில் இப்போது ஏறத்தாழ 0.8 பாஸ்கல்தான் இருக்கிறது; மணல் நெடுகத் தங்குவதற்கு இது போதிய விளக்கம்.

என் பரிந்துரை, இருக்கும் 200 மி.மீ. குழாயையே எடுத்து மீண்டும் பதிப்பது. ஆனால் 70 செ.மீ. இறக்கத்தை நீளம் முழுவதும் சமமாகப் பகிர வேண்டாம். மேல்முனையில் ஒருசில வீடுகளின் நீர் மட்டுமே வருவதால் அங்கேதான் வாட்டம் அதிகம் வேண்டும். முதல் 30 மீட்டரை 80-க்கு 1 என்றும் (37.5 செ.மீ.), அங்கே ஒரு மேன்ஹோல் வைத்து, மீதி 50 மீட்டரை 154-க்கு 1 என்றும் (32.5 செ.மீ.) அமையுங்கள். மேல்பகுதியின் முடிவில் 20 வீடுகளின் நீரும் கீழ்முனையில் 60 வீடுகளின் நீரும் வருவதாகக் கொண்டால், அந்த இரண்டு இடங்களிலும் இழுவிசை ஏறத்தாழ 1.1 பாஸ்கல் ஆகிறது. மிச்சம் மிகக் குறைவுதான். அதிலும் மேல்முனையின் முதல் சில மீட்டர்களில், நாலைந்து வீடுகளின் நீரே வரும் இடத்தில், இந்த அளவும் கிடைக்காது. எனவே முதல் மேன்ஹோலில் அவ்வப்போது தொட்டி நீரை ஒரே வீச்சில் திறந்துவிட்டு அலசும் ஏற்பாடும் வேண்டும்.

தோண்டுவதற்கு முன் இரண்டைச் சரிபாருங்கள். ஒவ்வொரு மேன்ஹோலிலும் குழாயின் அடிமட்டத்தை லெவல் கருவியால் அளந்து, ஒரு முனையில் விளக்கும் மறுமுனையில் கண்ணாடியும் வைத்துப் பாருங்கள். ஒளிவட்டம் முழுதாகத் தெரியாவிட்டால், நடுவில் குழாய் தொய்ந்தோ நேர்கோட்டிலிருந்து விலகியோ இருக்கலாம் என்று பொருள். அடுத்து, காலை உச்ச நேரத்தில் தெரு மேன்ஹோலின் நீர்மட்டத்தைக் கவனியுங்கள். அது உங்கள் குழாயின் வாய்க்கு மேலே நின்றால், எந்த வாட்டம் கொடுத்தாலும் கீழ்ப்பகுதியில் வேகம் செத்துவிடும். அதை முதலில் உள்ளாட்சி அமைப்பிடம் சொல்லிச் சரிசெய்த பிறகே குழாயில் கைவைக்க வேண்டும்.